ஏலமலையில் ஓர் எடுப்புக் கணக்கு

தேனி மாவட்டத்தின் கம்பம், போடி, கூடலூர் பக்கத்து ஊர்களில் ஆவணி பிறந்துவிட்டால் விடியலுக்கு முன்பே ஜீப்புகள் தெருமுனைக்கு வந்துவிடும். தூக்குச்சட்டியும் மழைக்காகிதமுமாகப் பெண்கள் ஏறிக்கொள்வார்கள். போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி என்று மலைப்பாதை எதுவானாலும் போய்ச் சேருவது இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குத்தான். வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பன்சோலை, சாந்தன்பாறை என்று பரந்து கிடக்கும் அந்த ஏலமலையில் காய் எடுப்பது பெரும்பாலும் தமிழ்ப் பெண்களின் கைகள். 2020 ஊரடங்கில் மாநில எல்லை மூடப்பட்டபோது, ஆள் வராமல் தோட்டங்கள் எப்படித் தவித்தன என்பதை அந்தப் பக்கத்துக்காரர்கள் இன்னும் பேசுகிறார்கள்.

ஒரு தோட்டத்துக்கு எத்தனை ஜீப் ஆள் வேண்டும் என்பதை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? “போன வருசம் முப்பது பேர், இந்த வருசமும் முப்பது பேர்” என்பதுதான் பல இடங்களில் கணக்கு. அந்தக் கணக்கு தப்பும்போது காய் செடியிலேயே பழுத்து வெடிக்கிறது, அல்லது உலர்த்தும் அறையில் இடமில்லாமல் சாக்கிலேயே நிறம் மாறுகிறது, அல்லது கிலோவுக்குப் பயந்து பறித்த பிஞ்சு உலர்ந்து சுருங்கிப் போகிறது. மூன்றும் வெவ்வேறு நஷ்டமாகத் தெரிந்தாலும், ஆட்களைத் தலை எண்ணிக் கணக்கிட்டதுதான் மூன்றுக்கும் காரணம். எண்ண வேண்டியது, வெளிச்சத்தில் சரத்தின்மேல் கை இருக்கிற மணிநேரத்தை.

இதைப் புரிந்துகொள்ள முதலில் காயைப் பார்க்க வேண்டும். ஏலச்செடியில் பூவும் காயும் தலைக்குமேல் தொங்குவதில்லை. தண்டுக் கூட்டத்தின் அடியிலிருந்து சரங்கள் கிளம்புகின்றன. பல ரகங்களில் அவை தரையோடு தரையாகப் படர்ந்து, சருகுக்குள் மறைந்து கிடக்கும். காய் எடுக்கிற பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, இடக்கையால் சருகை விலக்கி, சரத்தை லேசாகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடியிலிருந்து நுனி நோக்கிப் பார்த்துக்கொண்டே போகிறாள். ஒரே சரத்தில் அடிக்காய் முற்றியிருக்கும், நடுக்காய் பச்சையாக இருக்கும், நுனியில் அப்போதுதான் பூ விரிந்திருக்கும். பூவிலிருந்து காய் முற்ற மூன்று முதல் நான்கு மாதம் ஆகிறது. அதனால்தான் ஒரு செடியில் ஒரே நாளில் அறுவடை முடிவதில்லை. மூன்று, மூன்றரை வாரத்துக்கு ஒருமுறை என்று திரும்பத் திரும்ப அதே செடியிடம் வர வேண்டும். ஆடி, ஆவணியில் தொடங்கி மாசி வரைக்கும் ஐந்தாறு எடுப்பு நடக்கும்.

எடுக்க வேண்டிய பருவத்துக்குக் கரிங்காய் என்று பெயர். தோல் நல்ல பச்சையாக இருக்கும், உள்ளே விதை கறுத்திருக்கும். அதைத் தாண்டினால் காய் மஞ்சளித்துப் பழமாகிறது. பழத்தை உலர்த்தினால் வெடிக்கும், பச்சை நிறமும் போய்விடும். ஏலத்தில் விலையை முடிவு செய்வது நிறமும் பருமனும் என்பதால், பழம் எடைக்கு லாபம், விலைக்கு நஷ்டம். கரிங்காய்க்கு முந்தியது பிஞ்சு. 100 கிலோ பச்சைக் காயை உலர்த்தினால், பிஞ்சில் 14 கிலோ அளவுக்குத்தான் தேறும். கரிங்காயில் 24 கிலோ, பழத்தில் 29 கிலோ வரை தேறும் என்பது வேளாண் நூல்கள் தரும் அளவு. ரகத்துக்கும் மழைக்கும் ஏற்ப இது கொஞ்சம் கூடிக் குறையும். பிஞ்சுக்கும் கரிங்காய்க்கும் நடுவில் உள்ள இந்த 10 கிலோ வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தினசரி இலக்கு என்கிற பேச்சு முழுவதும் இதைச் சுற்றித்தான் வரும்.

இனி வெளிச்சம். கம்பத்துக்கு நேரான மலையில் ஐப்பசி நடுவில் சூரியன் எழுவது சுமார் 6.15-க்கு, மறைவது 6 மணியை ஒட்டி. மார்கழிக் கடைசியில் உதயமே 6.35-ஐத் தாண்டிவிடும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால், ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் இங்கே ஒரு மணிநேரத்துக்குச் சற்று மேல்தான் வித்தியாசம். பஞ்சாங்கப்படி பார்த்தால் பன்னிரண்டு மணிநேரம் பகல் இருக்கிறது, அதில் எட்டு மணிநேர வேலைக்கு என்ன குறை என்று தோன்றும். ஆனால் ஏலம் நிழல் பயிர். மேலே பெருமரங்கள், அதன்கீழ் ஆளுயரம் தாண்டிய ஏலத்தட்டைகள், அதற்கும் அடியில் சரம். உதயமாகி ஒரு மணிநேரம் கழித்துத்தான் அந்த அடிமட்டத்தில் பச்சைக்கும் இளம்பச்சைக்கும் பேதம் தெரிகிற வெளிச்சம் வரும். சாயங்காலம் 4 மணி தாண்டினால், மேகம் இல்லாத நாளில்கூட, அந்தப் பேதம் மங்கிவிடும். பள்ளத்தில் இருக்கிற துண்டுகளில் இன்னும் முன்னதாகவே மங்கும். காயைக் கண்ணால் தேர்ந்தெடுக்கிற வேலை என்பதால், கை ஓடுகிற நேரத்தைவிடக் கண் தெரிகிற நேரம் குறைவு.

ஜீப் மேலே வந்து சேரும்போது 8 மணி. 4 மணிக்கு இறங்க வேண்டும். இடையில் உள்ள எட்டு மணிநேரத்தில் சாப்பாட்டுக்கும் டீக்கும் ஒரு மணிநேரம். ஸ்டோரிலிருந்து துண்டுக்கு நடந்து போக, துண்டு மாற, எடை போட என்று இன்னொரு மணிநேரம். மிஞ்சுவது ஆறு. பெயர்ப் பட்டியலில் ஒரு முழு நாள் என்று எழுதப்படுவதில், சரத்தின்மேல் கை இருப்பது ஆறு மணிநேரம்தான்.

அந்த ஆறையும் மழை விடுவதில்லை. முதல் எடுப்புகளின்போது தென்மேற்குப் பருவமழை இருக்கும். அது நாள் முழுவதும் தூறும். தூறலில் காகிதத்தைப் போர்த்திக்கொண்டு வேலை ஓடும், மெதுவாக. காய் மிகுதியாக வருகிற புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகையில் மழையின் குணம் வேறு. காலையில் வானம் தெளிவாக இருக்கும். நண்பகலில் மேகம் திரளும். 2 மணி, 3 மணிக்கு இடியோடு கொட்டும். இடி முழங்கினால் பெருமரங்களுக்கு அடியில் ஆளை வைத்திருக்கவே கூடாது. மின்னலும் ஆபத்து, முறிந்து விழும் கிளையும் ஆபத்து. ஆகவே மழை நாளில் ஆறு மணிநேரம் நாலாகிவிடுகிறது.

ஒரு தோட்டத்தைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 30 ஏக்கர் ஏலம். ஏக்கருக்கு 440 செடி வீதம் ஏறத்தாழ 13,000 செடி. ஐப்பசி எடுப்பில் மட்டும் 7,500 கிலோ பச்சைக் காய் இறங்கும் என்று வைத்துக்கொள்வோம். செடிக்கு அரைக் கிலோவுக்குச் சற்று மேல். நல்ல காய்ப்புள்ள துண்டில் பழகிய கை மணிக்கு 2 கிலோ எடுக்கிறது என்றால், ஆறு மணிநேரத்தில் 12 கிலோ. எடுப்பை 20 வேலை நாளில் முடிக்க வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. அப்படியானால் தினமும் 375 கிலோ. அதை 12-ஆல் வகுத்தால் 31 பேர். பெரும்பாலான தோட்டங்களில் கணக்கு இந்த இடத்தில் நின்றுவிடும்.

பாதி நாள் மதியத்துக்குமேல் மழை என்று வையுங்கள். ஐப்பசியில் இது மிகையான எதிர்பார்ப்பு அல்ல. மழை நாளில் நாலு மணிநேரம், மற்ற நாளில் ஆறு. சராசரி ஐந்து. ஆளுக்கு 10 கிலோ. 31 பேர் சேர்ந்து 310 கிலோ. 7,500 கிலோவை எடுக்க 24 நாளுக்கு மேல் ஆகும். ஞாயிற்றுக்கிழமைகளைச் சேர்த்தால் காலண்டரில் 28 நாள். போதாக்குறைக்குத் தீபாவளி இந்த எடுப்பின் நடுவில்தான் வரும். மலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் குறைந்தது மூன்று நாளாவது ஊரில் இருப்பார்கள், இருக்கவும் வேண்டும். 31 நாள் ஆயிற்று. எடுப்பின் கடைசித் துண்டுக்கு ஆள் போய்ச் சேரும்போது அங்கே அடிக்காய் பழுத்திருக்கும், கொஞ்சம் அணிலுக்கும் எலிக்கும் போயிருக்கும்.

சரி, ஆளைக் கூட்டிவிடலாமே? 38 பேர் வந்தால் சராசரி 380 கிலோ, 20 நாளில் முடியும். காகிதத்தில் சரியாக இருக்கிறது. ஆனால் மழை பெய்யாத நாளில் 38 பேரும் ஆறு மணிநேரம் எடுத்தால் 456 கிலோ வந்து விழும். தோட்டத்து ஸ்டோரின் உலர்த்தும் அறை 400 கிலோ கொள்ளும் என்றால் மீதி 56 கிலோவை எங்கே கொட்டுவது?

வெளியாட்கள் பலருக்குத் தெரியாத முடிச்சு இதுதான். பறித்த காய் அன்று இரவே அறைக்குள் போயாக வேண்டும். சாயங்காலம் எடை போட்டு, மண் போகக் கழுவி, தண்ணீர் வடியவிட்டு, தட்டுகளில் பரப்பி, தீ மூட்டும்போது இரவு 7 மணி ஆகும். 45 முதல் 50 டிகிரி வரைக்கும் சூட்டை நிதானமாக வைத்து, ஈரக்காற்றை வெளியேற்றிக்கொண்டே இருந்தால் 18-இலிருந்து 24 மணிநேரத்தில் காய் உலரும். மறுநாள் மாலை அறை காலியானால்தான் அடுத்த காய் உள்ளே போகும். ஓர் அறைக்கு ஒரு நாளைக்கு ஒரே பாரம். சூட்டைக் கூட்டி அவசரப்படுத்தினால் பச்சை நிறம் போய்விடும். அதிகமாக அடைத்தால் நடுத்தட்டு வேகும், உலராது. சாக்கில் ஒரு நாள் காத்திருக்கும் காய் உள்ளுக்குள் சூடேறி மஞ்சள் தட்டும். ஆகவே, எத்தனை பேர் என்ற கேள்விக்கு மேல்வரம்பு போடுவது செடியும் அல்ல, முதலாளியும் அல்ல, உலர்த்தும் அறை.

வானம் தெளிந்த நாளில் அறை நிரம்ப வேண்டும், வழியக் கூடாது. 400-ஐ 12-ஆல் வகுத்தால் 33 பேர். அதுதான் இந்தத் தோட்டத்துக்கு உச்ச எண். தெளிந்த நாளில் 396 கிலோ, மழை நாளில் 264 கிலோ, சராசரி 330. எடுப்பு முடிய 23 வேலை நாள். தீபாவளியோடு சேர்த்து ஏறத்தாழ ஒரு மாதம். ஆசைப்பட்ட 20 நாள் இந்த ஸ்டோரை வைத்துக்கொண்டு நடக்காது. இரண்டாவது அறை கட்டலாம், அல்லது பக்கத்து ஸ்டோரில் கூலிக்கு உலர்த்தித் தரச் சொல்லிப் பேசி வைக்கலாம். இரண்டும் இல்லாமல் ஆளை மட்டும் கூட்டுவது பணத்தைச் சாக்கில் கட்டி வெயிலில் வைப்பதற்குச் சமம். பட்டியலில் 36 பெயர் இருந்தால்தான் காய்ச்சல், கல்யாணம், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் என்று நின்றவர்கள் போக 33 பேர் ஜீப்பில் இருப்பார்கள் என்பதையும் கணக்குப்பிள்ளை அறிவார். அவர்கள் கம்பம் பள்ளத்தாக்கின் நாற்று நடவுக்கும் கதிர் அறுப்புக்கும் அழைக்கப்படுகிறவர்கள். இன்று வேண்டாம் என்று சொல்லிவிட்டு நாளை வா என்றால் வரமாட்டார்கள்.

மழை நாளில் அறை காலியாகக் கிடக்கிறதே, அது வீண்தானே என்று கேட்கலாம். இல்லை. ஈரக்காய் உலர அதிக நேரம் எடுக்கும். 24 மணிநேரத்தைத் தாண்டினால் மறுநாள் பாரம் வாசலில் காத்திருக்கும். மழை நாளின் குறைந்த பாரம் அந்த நெருக்கடியைத் தணிக்கிறது. எடையிலும் மழை ஏமாற்றும். தோலிலும் காம்பிலும் ஒட்டிய தண்ணீர் சேர்ந்து சாக்கைக் கனமாக்கும். இலக்கு எட்டியதாகத் தோன்றும். உலர்ந்த பிறகுதான் உண்மை தெரியும்.

23 நாளை இன்னும் சுருக்க முடியாதா? முடியும், வேலைக்காரப் பெண்ணின் தூக்கத்திலிருந்து எடுக்காமல். ஜீப்பை அரைமணி முன்னால் கிளப்புவதுதான் மேலாளர்களுக்கு முதலில் தோன்றும் வழி. அரைமணி முன்னால் என்றால் அவள் 4 மணிக்கு எழுந்தவள் 3.30-க்கு எழ வேண்டும், சமைத்து வைத்துவிட்டு இருட்டில் தெருமுனைக்கு வர வேண்டும், பனிமூட்டத்தில் கொண்டை ஊசி வளைவுகளில் ஏற வேண்டும். தோட்டத் தொழிலாளர்களுக்காக 1951-இல் வந்த சட்டம், ஓய்வும் காத்திருப்பும் சேர்த்து ஒரு நாளின் வேலைப் பரப்பு 12 மணிநேரத்தைத் தாண்டக் கூடாது என்றது. மலையேறி இறங்கும் நேரத்தை யாரும் அதில் சேர்த்து எண்ணுவதில்லை. சேர்த்தால் அவளுடைய நாள் இப்போதே நிரம்பித்தான் இருக்கிறது.

அரைமணியைத் தோட்டத்துக்குள்ளேயே தேடலாம். எடைத் தராசு ஸ்டோரில் இருந்தால், மதியம் எல்லோரும் சாக்கைச் சுமந்துகொண்டு அங்கே ஏற வேண்டும். தராசைத் துண்டுக்குக் கொண்டுபோய், சாக்கைச் சுமக்க இரண்டு ஆண்களை வைத்தால் அந்த நடை மிச்சம். காலை டீயும் துண்டுக்கே போகலாம். ஜீப் முதலில் ஸ்டோருக்குப் போகாமல் அன்றைய துண்டின் வாசலிலேயே ஆளை இறக்கலாம். இப்படி மழை நாளில் அரைமணி மீண்டால் 33 பேருக்கு 33 கிலோ கூடுதல். எடுப்பு 22 நாளுக்கு வந்துவிடும். தெளிந்த நாளில் அதே அரைமணிக்கு முன்னால் ஆளை இறக்கி அனுப்பலாம், அறைதான் நிரம்பிவிட்டதே. பொழுதோடு வீடு போய்ச் சேருவதும் கூலியின் ஒரு பகுதி.

எந்தத் துண்டு எப்போது என்பதிலும் யோசனை தேவை. மதியம் மழை வரும் என்றால், சரிவும் தூரமும் உள்ள துண்டுகளைக் காலையில் முடித்து, ஸ்டோரை ஒட்டிய துண்டைச் சாப்பாட்டுக்குப் பிறகு வைக்க வேண்டும். மேகம் கவிந்ததும் பத்து நிமிடத்தில் கூரைக்குக் கீழே வந்துவிடலாம். ஆனால் தூரத்துத் துண்டு அடர்ந்த நிழலில் இருந்தால் காலை 8 மணிக்கு அங்கே கண் தெரியாது. அங்கே முதல் ஒரு மணிநேரம் பாதி வீணாகும், பிஞ்சும் சாக்கில் ஏறும். அப்படிப்பட்ட துண்டை வானிலை அறிக்கையைப் பார்த்து, மழை இல்லை என்று சொல்லும் நாளுக்கு ஒதுக்கி வைப்பதே நல்லது. இந்திய வானிலை ஆய்வு மையம் மாவட்டவாரியாக மஞ்சள், ஆரஞ்சு எச்சரிக்கைகளை முன்கூட்டியே தருகிறது. ஆரஞ்சு என்றால் காய் எடுப்பைப் பற்றி மட்டும் யோசித்தால் போதாது, இறங்கும் பாதையைப் பற்றியும் யோசிக்க வேண்டும். மண் சரியும் நாட்களில் மலைப்பாதையில் இரவுப் போக்குவரத்தையே மாவட்ட நிர்வாகம் நிறுத்திவிடும். ஜீப் தாமதித்தால் ஆள் மேலேயே மாட்டிக்கொள்ளும். இரண்டு நடையில் போக வேண்டிய ஆட்களை ஒரே நடையில் அடைத்து இறக்குவதும் அந்த அவசரத்தில்தான். அப்படி ஏற்றிய ஜீப்புகள் கவிழ்ந்த செய்தி இந்தச் சாலைகளுக்குப் புதிதல்ல.

இனி தினசரி இலக்கு. ஆளுக்கு 12 கிலோ என்பது நம் கணக்கில் ஒரு சராசரிதான். அதையே ஒவ்வொருவர் தலையிலும் கட்டளையாக வைத்தால் என்ன நடக்கும்? காய் மெலிந்த துண்டில், மழை தொட்ட நாளில், நல்ல காயாக 10 கிலோதான் கிடைக்கிறது. மீதி 2 கிலோ எங்கிருந்து வரும்? நுனிக்காயிலிருந்து. “சரத்துல இல்லாத காயை எங்கிருந்து தம்பி கொண்டாறது?” என்று வயதில் மூத்த அக்கா ஒருவர் சூப்பர்வைசரிடம் கேட்டால், அது சோம்பலின் பேச்சு அல்ல, தோட்டத்துக்குச் செய்யும் உபகாரம். அந்த 2 கிலோ பிஞ்சு உலர்ந்தால் 280 கிராம். அடுத்த எடுப்பு வரைக்கும் செடியில் விட்டிருந்தால், எடை கூடுவதைக் கணக்கில் சேர்க்காமலே, 480 கிராம் ஆகியிருக்கும். ஆளுக்கு 200 கிராம் வீதம் 33 பேருக்கு ஒரு நாளில் 6 கிலோவுக்கு மேல் உலர்காய் நஷ்டம். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரைக்கும் போன சரக்கு இது. விலை அவ்வளவு இல்லாத ஆண்டிலும், சுருங்கிய காயைப் பருமனான காயோடு கலந்து அனுப்பினால் மொத்தச் சரக்கின் விலையும் இறங்கும்.

நடப்பது கண்ணுக்குத் தெரிய மூன்று இடம் உண்டு. ஸ்டோரில் ஒவ்வொரு பாரத்துக்கும் பச்சை எடையையும் உலர்ந்த எடையையும் அருகருகே எழுதிவந்தால், 100-க்கு 23 என்று நின்றது 20-க்கு இறங்கும்போது தெரிந்துவிடும். அன்று மழை இருந்ததா என்று பக்கத்திலேயே குறித்திருந்தால், தண்ணீர் எடையா பிஞ்சு எடையா என்றும் பிரித்துவிடலாம். இரண்டாவது, சாயங்காலம் கொட்டிய பச்சைக் குவியலில் மஞ்சளித்த காயும் வெடித்த காயும் நாளுக்கு நாள் கூடுகிறதா என்று பார்ப்பது. கூடினால் சுற்று நீண்டுவிட்டது, ஆள் போதவில்லை, அல்லது துண்டுகளின் வரிசை தப்பு. மூன்றாவது, எடுத்து முடித்த துண்டில் நடந்து பத்துச் செடியின் அடியைக் கிளறிப் பார்ப்பது. கரிங்காய் நிறைய மிஞ்சியிருந்தால் வேகம் கண்ணை முந்திவிட்டது என்று பொருள். சூப்பர்வைசர்கள் ஆட்களின் பின்னால் நின்று “சீக்கிரம், சீக்கிரம்” என்பதற்குச் செலவிடும் நேரத்தில் கால்வாசி இந்தப் பத்துச் செடிக்குப் போனால் போதும்.

இலக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எத்தனை கிலோ வரும் என்று தெரியாமல் விறகும் ஆளும் ஜீப்பும் ஏற்பாடு செய்ய முடியாது. ஆனால் இலக்கைத் துண்டுக்கு வையுங்கள், தலைக்கு வைக்காதீர்கள். முந்தின நாள் மாலை, பழகிய இரண்டு பேரை அடுத்த துண்டுக்கு அழைத்துப் போய், அங்கங்கே பத்துச் செடியில் முற்றிய காயை மட்டும் எடுக்கச் சொல்லி, எடையும் நேரமும் குறியுங்கள். பத்துச் செடியில் 4 கிலோ, இருவருக்கும் ஒன்றேகால் மணிநேரம் என்றால் மணிக்கு ஆளுக்கு 1.6 கிலோ. நாளை ஆறு மணிநேரம் கிடைத்தால் 9.6 கிலோ. அந்தத் துண்டின் நியாயமான அளவு அதுதான், 12 அல்ல. முதல் எடுப்பிலும் கடைசி எடுப்பிலும் இது இன்னும் குறையும். காய் குறைவாக இருக்கும்போது பாதி நேரம் செடிக்குச் செடி நகர்வதிலேயே போய்விடும். தை மாதத்தில் 33 பேரைக் கூட்டி வந்து 12 கிலோ கேட்பது கூலிக்கும் நஷ்டம், செடிக்கும் நஷ்டம். அப்போது பத்துப் பதினைந்து பேர் போதும்.

இந்தக் கணக்குகள் எல்லாமே ஒரு விஷயத்தை நம்பி நிற்கின்றன. மழை வந்து 2 மணிக்கு ஆளை அனுப்பும் நாளில் கூலி என்ன? அரை நாள் கூலி என்றால் இடி முழங்கினாலும் அவர்கள் எழமாட்டார்கள். மங்கிய வெளிச்சத்தில் தடவித் தடவி எடுப்பார்கள். அந்தக் காயைத்தான் மறுநாள் ஸ்டோரில் பொறுக்கிக் கழிக்க வேண்டியிருக்கும். கிலோவுக்கு இவ்வளவு என்று மட்டும் கூலி பேசினாலும் இதே கதிதான். மழை நாளிலும் முழு நாள் கூலி என்று சீசன் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிற தோட்டத்துக்குக் கூடுதல் செலவு உண்டு. நம் கற்பனைத் தோட்டத்தில், எடுப்பு நாட்களில் பாதி நாளுக்கு, இரண்டு மணிநேரக் கூலி. அதற்குப் பதிலாக அதே கைகள் தீபாவளி முடிந்து நான்காம் நாள் அதே ஜீப்பில் திரும்பி வரும். பழகாத கை பிஞ்சையும் கரிங்காயையும் பிரித்தறிய ஒரு சீசன் எடுக்கிறது என்பதை எண்ணினால், அந்தச் செலவு மலிவு என்பதே என் முடிவு.

தோட்டம் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பெயர்ப் பதிவேட்டில் ஆள், நாள், கிலோ என்று மூன்று கட்டம் இருக்கிறது. நான்காவதாக, அன்று காய் எடுத்த மணிநேரம் என்று ஒன்றைச் சேருங்கள். கணக்குப்பிள்ளைக்குத் தினமும் ஒரு நிமிட வேலை. அடுத்த ஆவணியில் எத்தனை ஜீப் சொல்ல வேண்டும் என்பதற்கு அந்தக் கட்டத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு ஆள் பேசுங்கள்.